தவக்காலத்தின் நாற்பதாம் நாள்: புனித சனியைக் காலை முதல் திருவிழிப்பு வரை கடைப்பிடிக்கும் முறை

தவக்காலத்தின் நாற்பது நாள்களும் தொடங்கும் திருநீற்றுப் புதனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அவை முடியும் சனிக்கிழமையைப் பற்றித்தான் குழப்பம் மிகுதி. பெரிய வெள்ளியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்போரும், சனிக்கிழமை நண்பகலில் ஒருசந்தியை முடித்துக்கொள்வோரும், மாலை ஆறு மணிக்கே பாஸ்கா திருவிழிப்பை வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு வசதி என்று பங்குப் பேரவையில் கேட்போரும் இன்றும் இருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை இருள் சூழும் வரை ஒரு முழு நாள் என்பதும், அதன் நோன்பும் வெறுமையும் திருவிழிப்பின் முதல் நெருப்பு வரை நீடிக்க வேண்டியவை என்பதும் மனத்தில் பதிந்துவிட்டால், அன்றைய வேலைகள் அனைத்தும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். உரோமைத் திருச்சபையின் வழக்கத்தைப் பின்பற்றும் தமிழ்ப் பங்குகளை மனத்தில் கொண்டு, குடும்பத்தாருக்கும் உபதேசியாருக்கும் பீடப் பணியாளருக்கும் பயன்படும் வகையில் அந்த நாளைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

முதலில் நாள்களை எண்ணுதல்

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை நாள்காட்டியில் எண்ணினால் நாற்பத்தாறு நாள்கள் வரும். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளை நீக்கினால் நாற்பது கிடைக்கும். ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவர் உயிர்த்தெழுந்ததன் நினைவு நாள் என்பதால் அன்று நோன்பிருப்பது தகாது என்பது மிகப் பழைய மரபு, கி.பி. 325-இல் கூடிய நிசேயப் பொதுச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் முழந்தாளிடாமல் நின்றே மன்றாட வேண்டும் என்று விதித்ததும் இதே உணர்வினால்தான். திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் காலத்தில் தவக்காலம் ஆறு வாரங்களாக இருந்தது. ஞாயிறுகளைக் கழித்தபின் முப்பத்தாறு நோன்பு நாள்களே எஞ்சின. ஆண்டவர் பாலைவனத்தில் நோன்பிருந்த நாற்பது நாள்களுக்கு அது நிகராக வேண்டும் என்பதற்காகப் பின்னர் முன்பக்கத்தில் நான்கு நாள்கள் சேர்க்கப்பட்டன. தவக்காலம் ஒரு புதன்கிழமையில் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

2027-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் பெப்ரவரி 10. அன்று முதல் பெப்ரவரி 13 சனி வரை நான்கு நாள்கள். பெப்ரவரி 14 ஞாயிறு; அதை விட்டுவிடுகிறோம். 15 முதல் 20 வரை ஆறு நாள்கள் சேர, கணக்கு பத்தாகிறது. இப்படியே ஒவ்வொரு வாரமும் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள்களைச் சேர்த்துக்கொண்டே வந்தால், 27-ஆம் தேதி பதினாறு, மார்ச் 6-ஆம் தேதி இருபத்திரண்டு, 13-ஆம் தேதி இருபத்தெட்டு, 20-ஆம் தேதி முப்பத்து நான்கு. குருத்து ஞாயிறான மார்ச் 21-ஐ விட்டுவிட்டுப் புனித வாரத்தின் ஆறு நாள்களைச் சேர்த்தால், மார்ச் 27 புனித சனியன்று நாற்பது நிறைவடைகிறது. மறுநாள் மார்ச் 28 உயிர்ப்புப் பெருவிழா.

எண்ணும்போது இரண்டு இடங்களில் சிக்கல் எழும். அந்த ஆண்டில் மார்ச் 19, புனித யோசேப்பின் பெருவிழா, வெள்ளிக்கிழமையில் வருகிறது. வெள்ளியில் பெருவிழா வந்தால் இறைச்சி விலக்கும் கடமை அன்று இல்லை. ஆயினும் அந்த நாள் எண்ணிக்கையிலிருந்து நீங்குவதில்லை. அது முப்பத்து மூன்றாம் நாளாகவே இருக்கிறது. எண்ணிக்கையிலிருந்து விலகுவது ஞாயிறு மட்டுமே. இரண்டாவது சிக்கல், வழிபாட்டுச் சட்டப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்து, அங்கிருந்து பாஸ்கா முப்பெரும் நாள்கள் தொடங்குகின்றன என்பது. 1969-இல் வெளியான நாள்காட்டி விதிமுறைகள் அவ்வாறே சொல்கின்றன. அப்படியானால் நாற்பதாவது நாள் சனிக்கிழமை என்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. வழிபாட்டுக் காலம் வியாழனோடு முடிந்தாலும், மரபாக எண்ணப்படும் நோன்பு நாள்களின் வரிசை வெள்ளியையும் சனியையும் சேர்த்தே நாற்பதாகிறது. அந்த இறுதி இரண்டு நாள்களின் நோன்புக்குப் பாஸ்கா நோன்பு என்ற தனிப் பெயரும் தனிச் சிறப்பும் உண்டு.

கீழைத் திருச்சபைகளிலும் மிலான் மறைமாவட்டத்திலும் தொடக்க நாளும் எண்ணும் முறையும் வேறு. ஆகவே கேரளத்துச் சீரோ மலபார் உறவினர் திங்கட்கிழமையே நோன்பைத் தொடங்கியிருந்தால் அவர் தவறு செய்கிறார் என்று எண்ண வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபை, லூத்தரன் முதலிய சபையாரின் லெந்து நாள்களும் ஞாயிறு நீங்கலாக நாற்பது என்ற இதே கணக்கில் அமைந்தவையே.

ஒருசந்தி எப்போது முடிகிறது

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையும் வரை உள்ளவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். புனித சனியன்று கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் வழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், பெரிய வெள்ளியின் நோன்பை இயன்ற இடங்களில் சனிக்கிழமையும் நீட்டிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. கட்டாயமில்லை என்பதற்காக அன்று காலையே பிரியாணிக்கு இறைச்சி வாங்கிச் சமைத்து உண்பது, நாற்பதாம் நாளைக் கைவிட்டு முப்பத்தொன்பதோடு நிற்பதாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

நண்பகலில் நோன்பை முடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால், வீட்டில் பெரியவர்களிடம் அதை மரியாதையோடு விளக்க முடியும். 1917-ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டம், தவக்கால நோன்பு புனித சனி நண்பகலோடு முடிவதாகவே விதித்திருந்தது. அந்தக் காலத்தில் திருவிழிப்பு வழிபாடும் சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். பட்டப்பகலில் நெருப்பை மந்திரித்து, வெயில் ஏறிய நேரத்தில் ‘இந்த இரவு’ என்று புகழுரை பாடும் நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் சோதனை முறையாகவும், 1955-இல் வெளியிட்டு 1956 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையின் மூலம் உறுதியாகவும், திருவிழிப்பை இரவுக்கே திருப்பினார். வழிபாடு இரவுக்குச் சென்றபின் நண்பகல் எல்லைக்கு இருந்த காரணம் மறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் சில வீடுகளில் எஞ்சியிருக்கிறது. பாட்டி சொல்வது அவர் இளமையில் சட்டமாகவே இருந்தது என்பதால், அதை அறியாமை என்று சொல்லிவிடக் கூடாது.

ஆகவே உடல்நிலை இடம் கொடுப்பவர்கள் அன்றைய உணவை இப்படி அமைத்துக்கொள்ளலாம். காலையில் கஞ்சியோ இரண்டு இட்லியோ போதும். நண்பகலில் இறைச்சியில்லாத ஒரு முழு உணவு. மாலை ஏழு மணிக்குள் சிறிதளவு பலகாரம் அல்லது பழம். தண்ணீருக்கு எந்நேரமும் தடையில்லை. திருவிழிப்பு இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினால் நற்கருணை வழங்கும் நேரம் நள்ளிரவைத் தாண்டும் என்பதால், நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் இயல்பாகவே அமைந்துவிடும். நீரிழிவு நோயாளர், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், மருந்து உட்கொள்ளும் முதியோர் ஆகியோர் ஒருசந்தி இருக்கக் கூடாது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் அந்த ஒரு மணி நேர உபவாசமும் கட்டாயமில்லை. பட்டினியால் வழிபாட்டின் நடுவே மயங்கி விழுவோர் பலரும் மாலையில் எதுவுமே உண்ணாமல் வந்தவர்களே. ஆகவே அந்தச் சிறு பலகாரத்தை விடாதீர்கள்.

பகல் பொழுது

சனிக்கிழமை பகலில் திருப்பலி கிடையாது. பெரிய வியாழன் இரவிலேயே பீடம் வெறுமையாக்கப்பட்டுவிட்டது. நற்கருணைப் பேழையின் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே எதுவும் இராது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவாக மட்டுமே அன்று நற்கருணை வழங்கலாம். பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் நடைபெறலாம். திருமணம் கூடாது. யாரேனும் இறந்துவிட்டால் அடக்கத்தை நடத்தலாம், ஆனால் அடக்கத் திருப்பலி இல்லாமல். இதைத் துக்க வீட்டாரிடம் முன்னதாகவே மென்மையாகச் சொல்லிவைப்பது உபதேசியாரின் பொறுப்பு. கோவிலுக்கு உடலைக் கொண்டுவந்த பிறகு சொன்னால் அது மனக்காயமாகிவிடும். பெருவிழா முடிந்தபின் ஒரு நாளைக் குறித்து, இறந்தவருக்கான திருப்பலியை அன்று நிறைவேற்றலாம்.

திருப்பலி இல்லை என்பதால் வழிபாடே இல்லை என்று பொருளல்ல. காலை ஏழு அல்லது எட்டு மணிக்குத் திருப்புகழ்மாலையின் வாசகப் பகுதியையும் காலைப் புகழையும் மக்களோடு சேர்ந்து சொல்லுமாறு திருச்சபை பரிந்துரைக்கிறது. அன்றைய வாசகப் பகுதியில் ஒரு தொன்மையான மறையுரை இடம்பெறுகிறது. மண்ணுலகெங்கும் பெரும் மௌனம் நிலவுவதாகத் தொடங்கி, ஆண்டவர் பாதாளத்துக்கு இறங்கி ஆதாமைக் கைப்பிடித்து எழுப்புவதைச் சொல்லும் பகுதி அது. நாற்பதாம் நாளுக்குரிய சிந்தனை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது என்பதால், நல்ல குரலுள்ள ஒருவரைக் கொண்டு நிதானமாக வாசிக்கச் செய்யுங்கள். அன்றிரவு திருமுழுக்குப் பெறவிருக்கும் வயதுவந்தோர் இருந்தால், அவர்கள் விசுவாச அறிக்கையைச் சொல்வதும், காதையும் வாயையும் தொட்டுச் செய்யப்படும் ‘எப்பத்தா’ சடங்கும் இந்தக் காலை வேளையிலேயே இடம்பெறலாம்.

கோவிலில் சிலுவையையோ, கல்லறையில் வைக்கப்பட்ட ஆண்டவரின் சொரூபத்தையோ, வியாகுல மாதாவின் சொரூபத்தையோ மக்கள் மன்றாடுவதற்காக வைத்திருக்கலாம். மணி அடிக்கக் கூடாது. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாடலோடு ஓய்ந்த மணிகள் இரவில் அதே பாடலின்போதுதான் மீண்டும் ஒலிக்க வேண்டும்.

இந்தப் பகலில் மிகப் பெரிய இடையூறு அலங்கார வேலை. பூ கட்டுவோர், ஒலிபெருக்கி சோதிப்போர், பாடகர் குழுவினர் என்று நாற்பது பேர் கோவிலுக்குள் நடமாடும்போது, மன்றாட வருபவருக்கு இடமே இராது. ஒலிப்பெருக்கிச் சோதனையையும் பாடல் ஒத்திகையையும் வெள்ளிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பூ அலங்காரத்தைப் பிற்பகல் நான்கு மணிக்குமேல் வைத்துக்கொண்டு, அதுவரை பூக்களை ஈரத்துணியில் சுற்றி வெளியே வைக்கலாம். காலை முழுவதும் கோவில் வெறுமையாக இருக்கட்டும்.

தொடங்கும் நேரம்

திருவிழிப்பு இரவு கவிந்த பின்னரே தொடங்கி, ஞாயிறு விடிவதற்குள் முடிய வேண்டும். 1988-இல் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட பாஸ்கா சுற்றறிக்கை, வழக்கமான சனிக்கிழமை மாலைத் திருப்பலி நேரத்தில் திருவிழிப்பை நடத்துவதைக் கண்டித்தே பேசுகிறது. தமிழகத்தில் மார்ச் இறுதியில் சூரியன் ஆறேகாலிலிருந்து ஆறரை மணிக்குள் மறைகிறது. வானத்தில் வெளிச்சம் முற்றிலும் நீங்க ஏழரை மணிக்கு மேல் ஆகும். ஆகவே எட்டு மணிக்கு முன் தொடங்குவது எந்தக் காரணத்தாலும் பொருந்தாது. பல பங்குகளில் வழக்கமாக இருக்கும் பதினொரு மணி தொடக்கம் மிகவும் ஏற்றது. பேருந்து வசதியில்லாத கிளைக் கிராமங்களுக்கு எட்டரை மணி நல்ல நேரம். ஒரே கோவிலில் ஒரே இரவில் திருவிழிப்பை இருமுறை நடத்துவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நெருப்பும் பாஸ்கா திரியும்

நெருப்பை மக்கள் சூழ்ந்து நிற்கக்கூடிய திறந்த இடத்தில், கோவில் வாசலிலிருந்து சற்றுத் தள்ளி மூட்டுங்கள். தீ கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்க வேண்டும் என்பதால் அகல்விளக்கு அளவிலான சுடர் போதாது. காய்ந்த விறகோடு கொட்டாங்கச்சிகளைச் சேர்த்தால் புகை குறைந்து கங்கு விரைவில் விழும். தூபக்கலத்துக்கு அந்தக் கங்குகளே வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். சில கற்பூரக் கட்டிகள் போதும். நீண்ட இடுக்கி ஒன்றும், ஒரு வாளி மணலும், ஒரு வாளி தண்ணீரும் அருகில் இருக்கட்டும்.

திரி உண்மையான மெழுகால் செய்யப்பட்டதாகவும், ஒவ்வோர் ஆண்டும் புதியதாகவும், ஒன்றே ஒன்றாகவும் இருக்க வேண்டும். மெழுகுத் திரி போலத் தோன்றும் எண்ணெய்க் குழாய்கள் இந்த இடத்துக்குத் தகாதவை. பெரிய திரிகளின் நூல் பெரும்பாலும் மெழுகுக்குள் புதைந்திருக்கும். முந்தைய நாளே கூரிய கத்தியால் மேற்பகுதியைச் செதுக்கி, நூல் அரை அங்குலம் வெளியே தெரியும்படி செய்யாவிட்டால் காற்றில் அது பற்றாது. எல்லாரும் பார்த்திருக்க ஐந்து நிமிடம் தீக்குச்சிகள் வீணாகும்.

குருவானவர் திரியில் முதலில் நேர்க்கோட்டையும் பின் குறுக்குக் கோட்டையும் கீறிச் சிலுவை வரைகிறார். அதன் மேலே அல்பா எழுத்தும் கீழே ஒமேகா எழுத்தும் அமைகின்றன. சிலுவையின் நான்கு மூலைகளில் ஆண்டின் நான்கு எண்கள்: 2027 என்றால், மேலே இடப்பக்கம் 2, மேலே வலப்பக்கம் 0, கீழே இடப்பக்கம் 2, கீழே வலப்பக்கம் 7. பின்னர் ஐந்து சாம்பிராணி மணிகள் ஆண்டவரின் ஐந்து காயங்களுக்காகப் பதிக்கப்படுகின்றன. அவற்றின் வரிசையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: முதலில் மேலே, அடுத்து நடுவில், மூன்றாவது கீழே, நான்காவது இடப்பக்கம், ஐந்தாவது வலப்பக்கம். துளைகள் முன்னரே சரியான அளவில் உள்ளனவா என்று பகலில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். மெழுகு இறுகியிருந்தால் ஊசியைச் சூடாக்கித் துளையை அகலப்படுத்தலாம்.

ஊர்வலத்தில் சிலுவையும் மற்ற விளக்குகளும் முன்செல்வதில்லை. தூபக்கலம் ஏந்தியவர் முதலில் செல்ல, அடுத்து ஏற்றிய பாஸ்கா திரி, அதன்பின் குருவானவரும் மக்களும். கிறிஸ்துவின் ஒளியை அறிவிக்கும் பாடல் மூன்று இடங்களில் ஒலிக்கிறது: கோவில் வாசலில், கோவிலின் நடுவில், பீடத்தின் முன். வாசலில் குருவானவரின் திரி மட்டும் ஏற்றப்படும். நடுவில் மக்களின் திரிகள் ஏற்றப்படும். பீடத்தின் முன் மூன்றாம் முறை பாடியதும் கோவிலின் மின்விளக்குகள் எரியலாம். ‘உன்னதங்களிலே’ வரை முழு இருட்டில் வைத்திருந்து, அப்போது எல்லா விளக்குகளையும் ஒரே நொடியில் போடுவது பல ஊர்களில் வழக்கம். மக்களுக்கு அது பிடிக்கும் என்பது தெரிந்தாலும், திருப்பலி நூலின் ஒழுங்கு அதுவன்று. இருளை வென்றது பாஸ்கா திரி. அந்தப் பெருமையை மின்பொத்தானுக்குக் கொடுக்கலாகாது. ‘உன்னதங்களிலே’ பாடலுக்கெனக் காத்திருக்க வேண்டியவை பீடத்து மெழுகுதிரிகளும் மணிகளும்தான்.

மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றும்போது, எரியாத திரியைச் சாய்த்து எரியும் திரியில் பிடிக்கச் சொல்லுங்கள். எரியும் திரியைச் சாய்த்தால் சூடான மெழுகு கையிலும் புடவையிலும் சிந்தும். காகிதக் குவளையைத் திரியின் அடியில் செருகிக் கொடுத்தால் சிறுவர்களுக்குப் பாதுகாப்பு.

வாசகங்களும் அதன் பின்னும்

பாஸ்காப் புகழுரைக்குப் பின் ஒன்பது வாசகங்கள் உண்டு: பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு. ஏழையும் வாசிப்பதே விருப்பமான முறை. குறைக்க வேண்டிய மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் குறைந்தது மூன்று வாசிக்கப்பட வேண்டும். செங்கடலைக் கடந்த நிகழ்வான விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை எந்நிலையிலும் விடக் கூடாது. நான்கைத் தேர்ந்துகொள்ளும் பங்குக்கு என் பரிந்துரை: படைப்பைச் சொல்லும் தொடக்க நூல் 1, விடுதலைப் பயணம் 14, தாகமாய் இருப்போரை நீர்நிலைக்கு அழைக்கும் எசாயா 55, புதிய இதயத்தை வாக்களிக்கும் எசேக்கியேல் 36. படைப்பும் விடுதலையும் நீரும் அன்றிரவுத் திருமுழுக்கோடு நேராக இணைவதால், வாசகங்களுக்கிடையே விளக்கவுரை சொல்லத் தேவையே எழாது. ஒவ்வொரு வாசகத்துக்கும் அடுத்துப் பதிலுரைப் பாடலும் மன்றாட்டும் வரும். நேரம் நீள்வது பெரும்பாலும் வாசகர் மாறும் இடைவெளிகளில்தான். எல்லா வாசகரையும் முதல் வரிசையிலேயே அமரச் செய்து, ஒருவர் முடிக்கும்போதே அடுத்தவர் எழுந்து நிற்கப் பழக்கினால் கால் மணி நேரம் வரை மிச்சமாகும்.

கடைசி பழைய ஏற்பாட்டு வாசகத்தின் மன்றாட்டு முடிந்ததும் பீடத்துத் திரிகளை ஏற்றி, மணிகளை ஒலித்து, ‘உன்னதங்களிலே’ பாடப்படும். தொடர்ந்து உரோமையர் 6 வாசிக்கப்பட்டதும், நாற்பது நாள் கேட்காதிருந்த அல்லேலூயாவைக் குருவானவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திப் பாடுவார். முதல் முறையை மிகவும் தாழ்ந்த சுருதியில் தொடங்காவிட்டால் மூன்றாவதற்குக் குரல் எட்டாது. 2027-இல் நற்செய்தி மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். நற்செய்தியின்போது தூபம் உண்டு, விளக்கேந்துவோர் இல்லை.

பின்னர் புனிதர்களின் மன்றாட்டுமாலை, நீருக்கு ஆசி, திருமுழுக்கு, எல்லாரும் எரியும் திரிகளோடு வாக்குறுதிகளைப் புதுப்பித்தல், தீர்த்தம் தெளித்தல், நற்கருணை வழிபாடு என்று வரிசை செல்லும். நீரை ஆசிர்வதிக்கும்போது பாஸ்கா திரியை நீருக்குள் இறக்குவார்கள் என்பதால், பாத்திரம் ஆழமானதாக இருப்பதோடு திரியை இறக்கினால் நிரம்பி வழியாத அளவே நீர் ஊற்றப்பட்டிருக்க வேண்டும். திருமுழுக்கு யாருக்கும் இல்லாவிட்டால் மன்றாட்டுமாலையை விட்டுவிடலாம். நீருக்கான ஆசியும் வாக்குறுதிகளும் இருக்கும்.

வழிபாடு முடிந்ததும் வெளியே மூட்டிய நெருப்பில் கங்கு எஞ்சியிருக்கிறதா என்று பொறுப்பாளர் ஒருவர் போய்ப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். மக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்காகத் தீர்த்தத்தைச் சிறு பாத்திரங்களில் ஊற்றி வாசலில் வையுங்கள். பாஸ்கா திரி தன் தண்டிலேயே பீடத்துக்கோ வாசக மேடைக்கோ அருகில் நின்று, ஐம்பது நாள்கள் கழித்து வரும் தூய ஆவி ஞாயிறு வரை, அதாவது 2027-இல் மே 16 வரை, எல்லாத் திருப்பலிகளிலும் ஏற்றப்பட வேண்டும். அதன்பின் அது திருமுழுக்குத் தொட்டி இருக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டு, திருமுழுக்கின்போதும் அடக்க வழிபாட்டின்போதும் மட்டும் ஏற்றப்படும்.